அந்த 0.97 பற்றி, கடைசியாக ஒருமுறை

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தேடல் முடிவுகளின் வரிசை எவ்வளவு சரி என்று அளக்கும் என்டிசிஜி, புதிய தேடலில் 0.91-லிருந்து 0.97 ஆனது என்று ஸ்லைடு போட்டார்கள், கைதட்டினார்கள். "கீழே எதை வைத்து வகுத்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'எப்போதும் குறை சொல்பவர்'. சரி, இருக்கட்டும்.

என்டிசிஜி என்பது ஒரு வகுத்தல். மேலே, நம் பட்டியல் வாங்கிய மதிப்பெண். தேடியதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு, அதை இடத்தைப் பொறுத்துக் குறைத்துக் கூட்டுவோம்: முதல் இடத்துக்கு முழுமதிப்பு, இரண்டாம் இடத்துக்கு 0.63, மூன்றாவதுக்கு 0.5 என்று இறங்கும். கீழே, இருப்பதிலேயே சிறந்த பட்டியல் வாங்கியிருக்கக்கூடிய மதிப்பெண். "இருப்பதிலேயே" என்றால் நம் பக்கங்கள் எல்லாம் இருக்கும் கிடங்கில் இருப்பதிலேயே, நம் தேடல் எடுத்துத் தந்த ஐந்தில் இருப்பதிலேயே அல்ல. அவர்கள் செய்தது இரண்டாவது. தேடல் தந்த அதே ஐந்தை வரிசை மாற்றி அடுக்கி, அதையே 'சிறந்த பட்டியல்' என்று வைத்துவிட்டார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது இதுதான்.

அவர்கள் தரவிலேயே ஒரு தேடலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: "கடவுச்சொல் மறந்துவிட்டது". கிடங்கில் இதற்கு 3 மதிப்பெண் பெற்ற உதவிப் பக்கங்கள் இரண்டு, 2 பெற்றது ஒன்று, 1 பெற்றவை மூன்று. பழைய தேடல் தந்தது 3, 0, 0, 2, 0. புதியது தந்தது 1, 1, 0, 1, 0. அதாவது கடவுச்சொல்லை மாற்றச் சொல்லித்தரும் பக்கமே மேல் ஐந்தில் இல்லை, கணக்குப் பாதுகாப்பு பற்றிப் பொதுவாகப் பேசும் பக்கங்கள்தான் வந்து நிற்கின்றன. அவர்கள் கணக்கில் பழையது 0.91, புதியது 0.97. கிடங்கு முழுவதையும் வைத்து 3, 3, 2, 1, 1 என்ற சரியான பட்டியலால் வகுத்தால் பழையது 0.58, புதியது 0.31. ஏறவில்லை ஐயா, ஏறக்குறைய பாதியாக விழுந்திருக்கிறது!

"பிரிசிஷனும் ஏறியிருக்கிறதே" என்றார் ஒருவர். ஏறும். மேல் ஐந்தில் தொடர்புள்ளவை பழையதில் இரண்டு, புதியதில் மூன்று, ஆகவே 0.4 போய் 0.6. பிரிசிஷனுக்கு 3-ம் ஒன்றுதான், 1-ம் ஒன்றுதான். முதல் இடம், ஐந்தாம் இடம் என்ற வித்தியாசமும் அதற்குத் தெரியாது. அந்தக் குறைக்காகத்தானே என்டிசிஜிக்கு வந்தோம்?

"இரண்டு தேடலுக்கும் ஒரே ஃபார்முலாதான், ஒப்பீடு நியாயமானது" என்று வரப்போகிறவர்களுக்கு: ஃபார்முலா ஒன்று, வகுக்கும் எண் வேறு. பழையதை 4.26-ஆல் வகுத்தார்கள், புதியதை 2.13-ஆல். மோசமான ஐந்தைக் கொண்டுவந்தவனுக்குக் கீழ் எண்ணும் சிறிதாகிவிடுகிறது. இதில் நியாயம் எங்கே?

இதை நான் ஒன்றும் ஞானியாக இருந்து சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறை நானே செய்தேன். ndcg_score என்ற ஃபங்ஷனுக்குத் தேடல் தந்த பத்தை மட்டும் கொடுத்தேன். கொடுத்ததை வைத்துத்தான் அது சிறந்த பட்டியலைக் கட்டும், பாவம் அதற்கு வேறென்ன தெரியும். எங்கள் சீனியர் சண்டை போடவில்லை. மேலே 3, 2, 1 என்று வந்திருந்த ஒரு தேடலை எடுத்து, அந்த 3-ஐ இன்டெக்ஸிலிருந்தே நீக்கிவிட்டு "இப்போது ஓட்டு" என்றார். முன்பும் 1.0, பின்பும் 1.0. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அன்று அவரை யாரும் 'எப்போதும் குறை சொல்பவர்' என்று சொல்லவில்லை.

கிடங்கு முழுவதையும் யார் உட்கார்ந்து மதிப்பிடுவது என்று கேட்டால், அது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். யாராலும் முடியாது. அதனால்தான் தேடல் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க 1992-ல் தொடங்கிய டிரெக் போட்டிகளில் பல தேடல்களின் மேல்முடிவுகளை ஒன்றாகக் கொட்டி, அந்தக் குவியலை மட்டும் மதிப்பிட்டார்கள். அதிலும் ஓட்டை உண்டு: குவியலில் இல்லாத பக்கத்தைப் புதிய தேடல் கொண்டுவந்தால், நல்லதாக இருந்தாலும் 0 விழும், திரும்ப உட்கார்ந்து மதிப்பிட வேண்டும். வேலைதான். ஆனால் இங்கே அந்த 3-கள் ஏற்கெனவே மதிப்பிட்டு, அவர்கள் ஷீட்டிலேயே இருக்கின்றனவே!

அப்புறம், "கிளிக் கூடியிருக்கிறது". தேடியது கிடைக்காதவனும் நாலு கிளிக் கூடுதலாகத்தான் செய்வான். இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்லும் பொறுமை இல்லை.

கேள்வி கேட்டபோது என் குரல் உயர்ந்தது என்கிறார்கள். உயர்ந்திருக்கலாம். மூன்று முறை கேட்டால் உயராதா? அன்றிரவே கணக்கு முழுவதையும் ஷீட்டாகப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன், வகுக்கும் எண்ணைத் தனி நிறத்தில் காட்டியிருக்கிறேன். இன்று மூன்றாவது நாள். திறந்து பார்த்தவர்கள் பட்டியலில் இன்னும் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.