நாப்பத்திநாலு நாளா என்னத்தைப் பரிசீலிக்கிறீங்க?

மார்ச் 3ஆம் தேதி ராத்திரி ஒரு ஐடி கம்பெனில வேலைக்கு விண்ணப்பிச்சேன். மறுநாள் காலைல அவங்க போர்ட்டல்ல `Under Review`னு வந்துச்சு. நேத்து ஏப்ரல் 16. நாப்பத்திநாலு நாள் ஆச்சு, அதே ரெண்டு வார்த்தை அப்படியே நிக்குது. தினமும் பாஸ்வேர்டு போட்டு, ஓடிபி வாங்கி, உள்ளே போய்ப் பார்க்குறேன். எங்கம்மா தினமும் கேக்குறாங்க, "என்னப்பா ஆச்சு?" "பார்த்துட்டு இருக்காங்கம்மா." நேத்து அவங்களுக்கே பொறுக்கல. "ரெண்டு பக்க ரெஸ்யூமை நாப்பத்திநாலு நாளாவா பார்க்குறாங்க?"

அந்தக் கேள்விதான் என்னை ஃபோனைக் கையில எடுக்க வெச்சுது.

நடுவுல எதுவுமே நடக்கலன்னா கூட மனசு ஆறும். மார்ச் 9ஆம் தேதி அவங்க ரிக்ரூட்டர் ஒருத்தங்க கூப்பிட்டு முழுசா பன்னெண்டு நிமிஷம் பேசினாங்க. இப்ப என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்குறீங்க, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பேப்பர் போட்டாச்சா, எல்லாம் கேட்டாங்க. "டெக்னிக்கல் ரவுண்டுக்கு இந்த வாரமே லிங்க் வந்துரும்"னு சொன்னாங்க. லிங்க் வரல. 17ஆம் தேதி அவங்களுக்கு மெயில் போட்டேன். அவங்க இப்ப இந்த நிறுவனத்துல இல்லன்னு ஒரு தானியங்கி பதில் வந்து விழுந்துச்சு. அன்னைலேருந்து என் விண்ணப்பத்தை யார்தான் பரிசீலிக்கிறாங்க? அதுக்கு மட்டும் போர்ட்டல்ல இடமே கிடையாது.

சரி, நேத்து நடந்தது. போர்டு நம்பருக்குக் கூப்பிட்டேன். ரிக்ரூட்மென்ட்டுக்குக் கொடுங்கன்னேன். பதினோரு நிமிஷம் ஒரே பாட்டு. ஒரு பையன் எடுத்தான்.

"சார், உங்க ஸ்டேட்டஸை போர்ட்டல்லயே பார்க்கலாம் சார்."

"பார்த்துட்டேன் தம்பி. அண்டர் ரிவ்யூன்னு இருக்கு."

"அப்ப ரிவ்யூல இருக்கு சார்."

"யார் ரிவ்யூ பண்றாங்க?"

"டீம் சார்."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சதும் போர்ட்டல்ல அப்டேட் ஆகும் சார்."

எனக்குத் தலை கொதிச்சுது. ஆனா கத்தல. அந்தக் காலியிடத்துக்கு அவங்க கொடுத்திருக்குற ரெக்விசிஷன் நம்பரை ஒவ்வொரு எண்ணாச் சொன்னேன். "தம்பி, எனக்கு ஸ்டேட்டஸ் வேண்டாம். இந்த நம்பர்ல யாருக்காவது ஆஃபர் போயிருச்சா, அதை மட்டும் சொல்லுங்க." கீபோர்டு தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு நீண்ட மௌனம். "அது கான்ஃபிடென்ஷியல் சார்." வெச்சுட்டான். அந்தப் பையன் மேல எனக்குக் கோபமே இல்ல. அவனுக்கு அந்த நாலு வாக்கியத்தைத்தான் எழுதிக் கொடுத்து உட்கார வெச்சிருக்காங்க.

சாயங்காலம் எங்க காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். வேற கம்பெனில எட்டு வருஷமா ஆளெடுக்குற வேலை பார்க்குறவர். அவர் சொன்னதைக் கேட்டப்புறம் கோபம் ரெட்டிப்பாச்சு.

உள்ளே ரிக்ரூட்டர் பார்க்குற திரையில ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பேர் இருக்குமாம். ரெஸ்யூமை இன்னும் யாரும் திறக்கல, ரிக்ரூட்டர் பேசியாச்சு, மேனேஜர்கிட்ட போயிருக்கு, ஹோல்டுல வெச்சிருக்கு, வேற ஆளுக்கு ஆஃபர் போயாச்சு. நமக்கு வெளியே என்ன வார்த்தை தெரியணும்னு கம்பெனி தனியா அமைச்சுக்குது. பெரும்பாலான இடத்துல இந்த அஞ்சுக்கும் சேர்த்து ஒரே `Under Review`தான். அதாவது ரெஸ்யூமைத் திறக்காதவனுக்கும் அதே வார்த்தை, ரெண்டாவது இடத்துல காத்துக்கிட்டிருக்குறவனுக்கும் அதே வார்த்தை. இது ஸ்டேட்டஸா? கதவைச் சாத்திட்டு மேல ஒட்டுற சீட்டு!

"உன் கேஸ்ல ஆஃபர் போயிருக்கும்டா"ன்னார் அண்ணன். "நம்பரைச் சொல்லிக் கேட்டிருக்க. போகலன்னா 'இன்னும் இல்ல சார்'னு சொல்றதுல அவனுக்கு என்ன வந்துச்சு?"

அப்புறம் ஏன் என் விண்ணப்பத்தை மூடல? அதுக்கும் காரணம் சொன்னார். நம்ம ஊர் ஐடி கம்பெனிகள்ல நோட்டீஸ் பீரியட் பல இடத்துல 90 நாள். மார்ச் கடைசில ஒருத்தருக்கு ஆஃபர் கொடுத்தா அவர் வந்து சேர ஜூன் கடைசி ஆயிடும். அந்த மூணு மாசத்துல அதே ஆஃபரைக் காட்டி வேற இடத்துல அதிகமா வாங்கிட்டு வராமலே போறவங்க ஏராளம். அந்தப் பயத்துல ஆள் சீட்டுல வந்து உட்கார்ற வரைக்கும் ரெக்விசிஷனை மூடமாட்டாங்க. எங்களை மாதிரி நாலு பேரை ஹோல்டுல வெச்சுப்பாங்க. வந்துட்டார்னா அன்னைக்கு எல்லாரையும் மொத்தமா டிக் பண்ணி, ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே அழுத்துல நிராகரிப்பு மெயில். அதுக்கு ஆகுறது சில நிமிஷம்.

பயம் நியாயம்தான். காத்திருக்க வைக்கிறதுகூடப் புரியுது. ஆனா சொல்லிட்டு வைங்கய்யா! "ஒருத்தருக்குக் கொடுத்திருக்கோம், அவர் வரலன்னா உங்களைக் கூப்பிடுவோம், ஜூன் வரைக்கும் ஆகலாம்." இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தா மார்ச் 28ஆம் தேதி எனக்கு வந்த இன்னொரு வேலையை நான் விட்டிருக்கமாட்டேன். சின்னக் கம்பெனி, சம்பளம் கொஞ்சம் குறைவு, மூணு நாள்ல பதில் கேட்டாங்க. போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். உயிரோட இருக்குன்னு நம்பினேன். அவகாசம் கேட்டேன், அவங்க வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க. இந்த ரெண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை அது.

இன்னொண்ணு. ஏப்ரல் முதல் வாரம் அதே வேலை அவங்க தளத்துல 'இன்று வெளியிடப்பட்டது'ன்னு மறுபடி வந்துச்சு. துள்ளிக் குதிச்சுப் போய் அழுத்தினா, ஏற்கனவே விண்ணப்பிச்சிருக்கீங்கன்னு தள்ளிவிட்டுருச்சு. தேதியைப் பார்க்காதே, ரெக்விசிஷன் நம்பரைப் பாருன்னார் அண்ணன். அதே நம்பர்னா பழைய விளம்பரத்தையே தேதி மாத்தி ஏத்தியிருக்காங்க. நம்பர் புதுசுன்னாதான் புது இடம், அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். ஃபோன் பண்ணா "என் ஸ்டேட்டஸ் என்ன"ன்னு கேட்டுடாதீங்க, போர்ட்டலைப் படிச்சுக் காட்டுவாங்க. நம்பரைச் சொல்லி, இடம் இன்னும் காலியா, ஆஃபர் போயாச்சான்னு கேளுங்க. பதில் வராட்டியும் அந்த மௌனம் எதையாவது சொல்லும்.

ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே போனேன். ஓரத்துல `Withdraw Application`னு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினேன். நிச்சயமான்னு கேட்டுச்சு. நிச்சயம்தான். நாப்பத்திநாலு நாளா அசையாத ஸ்டேட்டஸ் கண்ணெதிரே மாறிருச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகல, மெயிலும் வந்துருச்சு. என் பேரைப் போட்டு, வேலையோட பேரைப் போட்டு, ரெக்விசிஷன் நம்பரைப் போட்டு, நீங்க காட்டிய ஆர்வத்துக்கு நன்றின்னு.

அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. "பதில் போடத் தெரியுமாப்பா இவங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.