எண்ணெயே தொடாதவன் கல்லீரலில் கொழுப்பு எப்படி வந்தது?

"எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்ல, எனக்கு எப்படிடா ஃபேட்டி லிவர்?"

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 1' என்று வந்த கடுப்பில் நண்பன் கேட்டான். கையில் 600 மில்லி குளிர்பான பாட்டில். வாங்கி லேபிளைப் பார்த்தேன். 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை. பாட்டில் முழுக்க 63 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட 16 டீஸ்பூன். வெறும் தண்ணீரில் இவ்வளவு கரைத்துக் கொடுத்தால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க மாட்டான். புளிப்பும் ஜில்லிப்பும் கேஸும் சேர்ந்து தித்திப்பை அமுக்கிவிடுகின்றன.

"250 கலோரிதானே, நடந்தா போயிடும்" என்றான். எனக்கு இந்த வாதத்தில்தான் சண்டை.

முதலில், குடித்த கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை. 2000-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் 15 பேருக்குத் தினமும் 450 கலோரி சர்க்கரையை நான்கு வாரம் மிட்டாயாகவும், நான்கு வாரம் குளிர்பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் தங்களை அறியாமலேயே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். குடித்த நாட்களில் குறைக்கவில்லை, எடை ஏறியது.

அடுத்தது கல்லீரல். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரல் தலையில்தான் விழும். போதுமான சக்தி இருந்தால் குளுக்கோஸ் பாதைக்குக் கல்லீரல் பிரேக் போடும். ஃப்ரக்டோஸ் அந்தப் பிரேக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். ஐந்து ஆரஞ்சுகளிலும் ஏறக்குறைய இதே அளவு சர்க்கரைதான். ஆனால் மென்று தின்ன நேரமாகும், நாரும் உண்டு, மெதுவாக வரும். பாட்டில் ஐந்து நிமிடத்தில் காலி. மொத்தமாக வந்து இறங்குவதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது.

2012-இல் டென்மார்க்கில் ஒரு சோதனை. அதிக எடையுள்ள 47 பேர், நான்கு குழுக்கள், ஆறு மாதம், தினம் ஒரு லிட்டர்: கோலா, அதே கலோரிக்குப் பால், டயட் கோலா, தண்ணீர். மற்ற மூன்று குழுக்களையும்விடக் கோலா குடித்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு மிக அதிகமாக ஏறியிருந்தது. உடம்பின் மொத்தக் கொழுப்பிலோ குழுக்களுக்குள் பெரிய வித்தியாசமில்லை. சின்னச் சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எடை ஏறல, அதனால பிரச்சினையில்ல' என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஃபேட்டி லிவர் பெரும்பாலும் வலிக்காது, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தாலும் இருக்கும், லேசான கொழுப்பைச் சாதாரண அல்ட்ராசவுண்ட் தவறவிடுவதும் உண்டு.

ஆறுதலான விஷயம், ஆரம்பக் கட்டத்தில் இது திரும்பும். ஃபேட்டி லிவர் இருந்த பதின்பருவப் பையன்களுக்கு எட்டு வாரம் சேர்த்த சர்க்கரையை அறவே குறைத்ததில், கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 ஆக இறங்கியது. 2019-இல் வந்த ஆய்வு.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சரி, இனிமே டப்பா ஜூஸ் குடிச்சுக்கிறேன்" என்றான். அந்த லேபிளையும் திருப்பச் சொன்னேன். அதிலும் 100 மில்லிக்குப் பத்து கிராம் பக்கம்.