நகல் வேறு, போலி வேறு

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். காபி டம்ளரோடு எழுந்து போய், கூடத்து மூலையில் நிற்கும் நடராஜரை முன்னும் பின்னும் பார்த்தார். ஒன்றரை அடி உயரம். சுவாமிமலையில் சொல்லி வைத்து, நாலு மாதம் காத்திருந்து வாங்கியது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா டூப்ளிகேட்தானே?”

“புதுசு பெரியப்பா. டூப்ளிகேட் இல்லை.”

“ரெண்டும் ஒண்ணுதானேப்பா. ஒரிஜினல் எழும்பூர் மியூசியத்துலல்ல இருக்கு?”

அன்றைக்குச் சிரித்து விட்டுவிட்டேன். பெரியவர்களிடம் வாயாடக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். ஆனால் கைவினைப் பொருள் ஏற்றுமதியில் பதினெட்டு வருடம் ஓட்டியவனுக்கு இந்த ஒரு வார்த்தை போதும், ஒரு வாரம் தூக்கம் கெடும். அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

எழும்பூர் வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவரைப் போலவே ஒன்று வேண்டும் என்று ஒருவர் ஸ்தபதியிடம் கேட்கிறார். ஸ்தபதி முதலில் தென்னை ஓலையை நறுக்கி, சிலையின் உயரத்துக்கு அளவெடுத்து, அதை மடித்து மடித்துப் பாகம் பிரித்துக்கொள்கிறார். ஒடியோலை என்பார்கள். முகம் இத்தனை பாகம், மார்பு இத்தனை பாகம் என்பதெல்லாம் அந்த மடிப்பில் இருக்கிறது. பிறகு தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து, அந்த மெழுகில் உருவத்தைப் பிடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி நிழலில் காயவைத்து, இன்னும் இரண்டு பூச்சு கனமாகப் போட்டு, கம்பி கட்டி, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்தில் உலோகம் போகும். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க வேண்டும்.

அந்த உடைத்தல்தான் எனக்கு முக்கியம். கரு என்கிற அந்த மண் அச்சு போய்விட்டது. அதே கருவில் இரண்டாவது சிலை வராது. திருவாலங்காட்டாரைப் பார்த்தே செய்தாலும் மெழுகைப் பிடித்த விரல் வேறு, அதனால் உதடு கொஞ்சம் வேறு மாதிரி வரும், தூக்கிய காலின் வளைவு கொஞ்சம் மாறும். இதுதான் நகல். இன்னதைப் பார்த்து, இன்னார், இந்த வருடம் செய்தது என்று சொல்லியே விற்கிறார்கள். அண்ணா சாலை பூம்புகாரில் சீட்டோடு நிற்கும் சிலைகளைப் பார்த்து யார் ஏமாந்தார்கள், சொல்லுங்கள்.

பழைய சிலையின் மேலேயே அச்செடுத்து வார்ப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எளிது, கையில் மூலத்தின் சரியான அளவு இருந்தால். மெழுகும் ஆறும்போது சுருங்கும், உலோகமும் ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சிலிருந்து வந்த சிலை மூலத்தைவிட ஒரு நூல் குள்ளமாகத்தான் இருக்கும். நகைகளின் விளிம்பும் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருக்கும்.

எங்கள் வீட்டு நடராஜர் இந்த இரண்டிலும் சேர மாட்டார். அவர் எந்தக் கோயில் சிலைக்கும் நகல் இல்லை. முகம் ஒரு சாயல், திருவாசி இன்னொரு சாயல், சடை பரந்து விரிவது வேறொரு சாயல். கடைக்காரர்கள் ‘சோழர் ஸ்டைல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் பாணிப் படைப்பு என்று சொல்வேன். சோழர் மொழியில் இன்றைய ஆள் ஒரு புது வாக்கியம் சொல்வது மாதிரி. நல்ல கை என்றால் வாக்கியம் நிற்கும். இல்லையென்றால் சோழ உடம்பில் நாயக்கர் காலத்துக் கூர்மூக்கு முளைத்து நிற்கும். அதுவும் போலி ஆகாது, ரசனைக் குறைவு, அவ்வளவுதான்.

சரி, அப்போது போலி எது? என் கைக்காசு போன கதையைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், நகரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு சாண் உயரத் தவழும் கிருஷ்ணனைப் பார்த்தேன். உடம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. “செட்டிநாட்டு வீட்டுப் பூஜையறையில் நூத்தைம்பது வருஷம் இருந்தது சார்” என்றார் கடைக்காரர். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேரம் பேசி, அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மூளை வேலை செய்தது. நூற்றைம்பது வருடம் பூஜையில் இருந்தால் புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள், எண்ணெய் காப்பு நடந்திருக்கும். கன்னமும் மூக்கும் முட்டியும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். பச்சை இருந்தால் கைவிரல் போகாத இடுக்கில்தான் இருக்கும். இவனுக்கோ கன்னத்திலும் அக்குளிலும் ஒரே அளவு பச்சை. மண்ணுக்குள் கிடந்த சிலை என்று சொல்லியிருந்தால்கூட அரை மனதாக நம்பலாம். கடைக்காரர் சொன்ன கதைக்கும் சிலையின் தோலுக்கும் பொருத்தமே இல்லை.

மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முதுகில் தடவினேன். பஞ்சு பச்சையானது. கீழே பளிச்சென்று மஞ்சள் பித்தளை, அதில் அரம் போட்ட கோடுகள் நேற்றுப் போட்டது போல. மண்ணுக்குள் பல காலம் கிடந்த செப்பில் பச்சைக்கு அடியில் செங்காவி நிறத்தில் ஒரு படலம் இருக்கும். அது உலோகத்துக்குள்ளேயே வேர் விட்டிருக்கும், பஞ்சுக்கு வராது. நவச்சாரம், அமிலம் இவற்றைத் தடவி நாலு வாரம் ஈரமண்ணில் புதைத்து எடுத்த பச்சை மேல்தோலோடு நின்றுவிடும். பசையில் குழைத்து ஒட்டிய பச்சை இன்னும் மோசம்.

இதெல்லாம் மட்டமான போலிக்குத்தான் செல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரன் உடைந்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்ப்பான். உலோகத்தைச் சோதித்தால் பழசு என்றுதான் வரும், ஏனென்றால் உலோகம் பழசுதான்.

யோசித்துப் பாருங்கள், அந்தக் கிருஷ்ணனைச் செய்தவர் ஒருவேளை நேர்மையான தொழிலாளியாகவே இருந்திருக்கலாம். ஒரு சின்னப் பித்தளைக் கிருஷ்ணனைச் செய்து, சின்ன விலைக்கு விற்றிருப்பார். பச்சையைப் பூசி, செட்டிநாட்டுப் பூஜையறையைச் சேர்த்த இடத்தில்தான் அது போலியானது. அது கடைக்குள்ளேயே நடந்ததா, அதற்கு முன்பே நடந்ததா, அந்தக் கிருஷ்ணனுக்குத்தான் வெளிச்சம்.

சிவபுரம் நடராஜர் விவகாரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் தலை சுற்றும். கும்பகோணம் பக்கத்தில் சிவபுரத்தில் 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவரும் ஒருவர். கோயிலுக்கு வந்தார். 1950-களில் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது அவர் இல்லை, அவரைப் போலச் செய்த இன்னொருவர். ஊர் அதற்கே தீபாராதனை காட்டியது. 1965-ல் டக்ளஸ் பாரெட் என்ற பிரிட்டிஷ் மியூசிய அறிஞர், கோயிலில் இருப்பது நகல், மூலம் தனியார் கையில் இருக்கிறது என்று அச்சில் எழுதியபோதுதான் வெளியே தெரிந்தது. அசல் கைமாறிக் கைமாறி, 1973-ல் நார்ட்டன் சைமன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் 9 லட்சம் டாலருக்குப் போனது. இந்திய அரசு வழக்குப் போட்டு, சமரசம் ஆகி, 1986-ல்தான் திரும்பக் கிடைத்தது.

இதில் அந்த நகலை நான் என்னவென்று சொல்வது? செய்த வேலை நகல் வேலைதான், கேட்டிருந்தால் ஊரே காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கும். ஆகமப்படி மூர்த்தி பின்னப்பட்டால் புதிதாக வார்த்துக் கண் திறந்து பிரதிஷ்டை செய்கிறோம், யாரும் அதைப் போலிச் சாமி என்பதில்லை. ஆனால் இங்கே ‘இதோ உங்கள் பழைய சாமி’ என்று ஒப்படைத்தார்கள். ஒப்படைத்த அந்த நிமிடம் அது போலி. அதற்கு முன்னால் நின்று கும்பிட்ட பாட்டியின் கும்பிடு போலியா என்று கேட்டால், என்னால் ஆமாம் என்று சொல்ல முடியாது.

அப்புறம், எங்கள் தொழிலில் மட்டும் தெரியும் தலைகீழ்ப் போலி ஒன்று உண்டு. 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதுச் சிலை அனுப்புகிறவர்கள் அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குகிறோம். சிலையைப் படம் எடுத்து, அளவு எழுதி, நேரில் காட்ட வேண்டும். அதிகாரி முகத்தைப் பார்ப்பதைவிடப் பீடத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பதுதான் அதிகம். முகத்துக்கு எல்லோரும் மெனக்கெடுவார்கள், அடிப்பக்கத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கடத்தல்காரனுக்கு இதே வழி உதவுகிறது. அசல் சோழச் சிலையைப் ‘புது கைவினைப் பொருள்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் அப்படித் திருடப்பட்டு, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். சட்டம் வரும் முன்பே நாட்டை விட்டுப் போனவர் என்று காட்டக் காகிதங்கள் தயாராக இருந்தன. சிலை அசல், காகிதம் போலி. காட்டிக் கொடுத்தது, கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள். 2014-ல் திரும்பி வந்தார்.

அதனால் ஒரு சிலையை யாராவது என்னிடம் காட்டினால் நான் முதலில் கேட்பது ‘இது பழசா’ என்று இல்லை. ‘இதைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார்களா’ என்றுதான். வாயால் சொன்ன வயதை பில்லில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பாதிக் கடைகளில் அந்த இடத்தில் ‘பித்தளைப் பொம்மை 1’ என்றுதான் எழுதுவார்கள்.

அந்தக் கிருஷ்ணன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். பச்சையை முழுக்கத் துடைத்துவிட்டேன். வருடா வருடம் கொலுவில் மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கிய காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கு நடுவே மூன்றாம் படியில் உட்காருவான், வெண்ணெய் கையோடு, மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு. பெரியப்பா அவனைப் பார்த்து இதுவரை ஒன்றுமே கேட்டதில்லை.