விவாத மேசையில் ஒருவருக்கு ஒன்பது நிமிடம்

ஒவ்வொரு விவாத நிகழ்ச்சி முடிந்த பிறகும் நாம் நெறியாளரைத்தான் திட்டுகிறோம். "அந்த மனுசனைப் பேசவே விடேல்லை." உண்மையில் அந்த அநியாயத்தில் பாதி, நெறியாளர் கதிரையில் வந்து இருப்பதற்கு முன்பே நேர அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு மணித்தியால நேரலை என்று வைத்துக்கொள்வோம். நாலு விருந்தினர். தலைப்பு, இலங்கையில் மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பது. நாலு நிமிடப்படி மூன்று விளம்பர இடைவேளை போனால் மிச்சம் 48 நிமிடம். முகப்பு, அறிமுகம், நன்றி எல்லாவற்றுக்கும் ஒரு 4 நிமிடம். நெறியாளர் 12 தடவை வாய் திறந்து, ஒவ்வொரு தடவையும் 40 செக்கன் பேசினால் அதுவே 8 நிமிடம். மிஞ்சும் 36 நிமிடத்தை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது. அதுவும் ஒரே மூச்சில் கிடைக்காது. முதல் சுற்றில் இரண்டு நிமிடம், பிறகு துண்டு துண்டாகத்தான்.

இனி அந்த முதல் இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். ஆய்வாளர் ஒருவர் விடயத்தை ஒழுங்காகச் சொல்வதென்றால் 2017இல் சட்டத்தைத் திருத்திக் கலப்புத் தேர்தல் முறைக்கு மாறியதைச் சொல்லவேண்டும். அதற்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை தேவைப்பட்டதையும், 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் அந்த அறிக்கையை நிராகரித்ததையும் சொல்லவேண்டும். (சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்!) பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் தேர்தல் நடுவழியில் நின்றது, அந்த ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலமும் முடிந்தது என்று அவர் வந்து சேரும்போது இரண்டு நிமிடம் சரி. பக்கத்தில் இருக்கும் கட்சிக்காரருக்கோ, "அரசாங்கத்துக்கு மனமில்லை" என்று சொல்ல மூன்று செக்கன் போதும். மிச்ச நேரம் முழுக்க அவருக்குத் தாக்குவதற்குக் கிடைக்கிறது. இருவருக்கும் ஒரே அளவு நேரம்தான், ஆனால் லாபம் கோஷத்துக்கு. பின்னணியை 90 செக்கன் காணொளியாகத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் ஆய்வாளர் நேரே வாதத்துக்கு வரலாம். அந்தக் காணொளியைச் செய்ய ஒரு ஆள் அரை நாள் மினக்கெட வேண்டும், அதனால்தான் பல இடங்களில் அது கைவிடப்படுகிறது.

ஆள் தெரிவும் இதே கதைதான். ஆளும் தரப்பில் தமிழில் வாதாடக்கூடிய ஒருவர், தமிழ்க் கட்சி ஒருவர், மலையக அல்லது முஸ்லிம் கட்சி ஒருவர், ஆய்வாளர் ஒருவர் என்று காலையில் தாளில் அழகாக இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு எம்.பி. வரமுடியாது என்று செய்தி வரும். பிறகு அந்தக் கதிரைக்கு, வெள்ளவத்தையிலிருந்து அரை மணித்தியாலத்தில் வந்து சேரக்கூடிய யாராவது ஒருவர்தான். எப்போதும் அதே முகங்கள் வருவதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான், சதி ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் வந்தவரின் பெயருக்குக் கீழே "அரசியல் விமர்சகர்" என்று போட்டு, அவர் எந்தக் கட்சிக்கு மேடை ஏறுபவர் என்பதை மறைப்பது பிழை. சென்னை சானல்களிலும் இந்த வியாதி உண்டு.

நாலு பேரிலும் பாவப்பட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஸூமில் இணைபவர். கேள்வி அவருக்குப் போய், பதில் கலையகத்துக்கு வர ஒரு செக்கன் வரை பிந்தலாம். அந்த இடைவெளியில் கலையகத்தில் இருப்பவர் பாய்ந்துவிடுவார். ஸூமில் இருப்பவர் தொடங்குவார், குரல் மோதும், நிறுத்துவார், "ஹலோ, கேட்குதா?" என்பார். அவருக்குப் பத்து செக்கன் போய்விட்டது. கலையக ஒலியை அனுப்பும்போது அவருடைய சொந்தக் குரலைக் கழிக்காமல் அனுப்பினால் இன்னும் மோசம், தன் குரலே பிந்திக் காதில் விழ, நாக்கு தடுமாறும். நெறியாளர் முதலில் அவர் பெயரைச் சொல்லி, பிறகு கேள்வியைக் கேட்டு, மற்ற ஒலிவாங்கிகளைக் குறைக்கச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நேரக் கட்டுப்பாடு கடுமையாக இருப்பதில் எனக்குக் குறையில்லை, அளக்கும் முறையில்தான் குறை. நம் மேசைகளில் எண்ணப்படுவது எத்தனை தடவை என்பது, எத்தனை நிமிடம் என்பது அல்ல. "உங்களுக்கு மூன்று தரம் தந்தாச்சு" என்பார்கள். அந்த மூன்றில் ஒன்று, காதுக்குள் தயாரிப்பாளர் "பிரேக்குக்கு இருபது செக்கன்" என்று சொன்ன பிறகு கொடுத்ததாக இருக்கும். இன்னொன்றில் குறுக்கே விழுந்தவர் பேசிய நாற்பது செக்கனும், பேசிக்கொண்டிருந்தவர் கணக்கில்தான் ஏறும். பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தில் இரு வேட்பாளரும் பேசிய நேரம் திரையிலேயே ஓடும். நமக்கும் ஆளுக்கொரு மணிக்கூடு போதும்: யார் வாய் அசைகிறதோ அவருடையது ஓடவேண்டும், குறுக்கிட்டாலும் சரி. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பயிலுநரும் நாலு ஸ்டொப்வொச்சும் இருந்தால் செய்யலாம். ஒவ்வொரு இடைவேளையிலும் நாலு இலக்கத்தையும் நெறியாளரின் காதில் சொன்னால், திரும்பி வந்ததும் முதல் கேள்வி யாருக்கு என்பது அவருக்கே தெரியும்.