பீஸுக்கு எவ்வளவு அல்ல, மணிக்கு எவ்வளவு

"பீஸுக்கு அதிகம் நிற்பது ஃபிளாஞ்ச்தான், லேத்தில் அதையே முழுக்க ஓட்டுங்கள்."

இது தப்புக் கணக்கு, சார். உங்கள் எண்களையே எடுப்போம். லேத் மாதம் 200 மணிதான் ஓடும். மூலப்பொருளும் பீஸ் கூலியும் போக ஃபிளாஞ்சில் 300 ரூபாய் நிற்கிறது, ஆனால் அரை மணி பிடிக்கிறது, மணிக்கு 600. ஷாஃப்டில் 200தான், ஆனால் 12 நிமிடத்தில் இறங்கிவிடும், மணிக்கு 1,000. ஆர்டரில் இருக்கும் 600 ஷாஃப்டை 120 மணியில் முடித்துவிட்டு, மீதி 80 மணியில் 160 ஃபிளாஞ்ச் போட்டால் 1,68,000 வரும். ஃபிளாஞ்ச் மட்டும் என்றால் 1,20,000தான்.

ஒவ்வொரு பீஸிலும் வாடகையைக் கழிக்க வேண்டும் என்று இங்கே சொன்ன நண்பர் பாதி சரி. கழிக்க வேண்டியதுதான், ஆனால் கடைசியில் மொத்தமாக. எதை ஓட்டினாலும் வாடகை மாறாது.

எங்கள் பட்டறையில் கிரைண்டிங் மெஷினுக்கும் நேரம் போதாமல் போனபோது, மணிக்கு அதிகம் தருவதை முதலில் ஓட்டும் இந்த வரிசை உதவவில்லை. இரண்டு மெஷினையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது.