எரிகோவின் மதிலைச் சுற்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறு பள்ளிகளில் வாரம் ஒரு புதிய கதை, ஒரு புதிய மனப்பாட வசனம், ஆண்டு முடிவில் ஒரு தேர்வு என்ற வழக்கம் கற்றல் வேறுபாடுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. ஒரு கதையை மூன்று வாரங்கள், அதே வரிசையில், உடலால் நடத்திக் காட்டினால் அவர்களில் பலர் அதைத் தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள். இதற்கு யோசுவா 6-ஆம் அதிகாரத்தைவிடப் பொருத்தமான பகுதியை நான் அறியேன். ஆறு நாள் தினம் ஒருமுறை, ஏழாம் நாள் ஏழுமுறை என எரிகோவைச் சுற்றி வரும் அந்தக் கதையே நடையாலும் திரும்பச் செய்தலாலும் காத்திருத்தலாலும் ஆனது.

முதலில், ஆளுக்கொரு வசனமாக உரக்க வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். 'சத்தங்காட்டாமலும்' போன்ற நீண்ட புணர்ச்சிச் சொல்லில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை திணறும்போது, அது கதையை விட்டுவிட்டுத் தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வாசிப்பை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளட்டும்.

அறையின் நடுவே வெற்று அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் மதில் ஆயிற்று. முதல் ஞாயிறு மூன்று நாள்களுக்கு மூன்று சுற்றும், இரண்டாம் ஞாயிறு அடுத்த மூன்று நாள்களுக்கு மூன்று சுற்றும் நடக்கிறோம். மூன்றாம் ஞாயிறு ஏழு சுற்றும் முடிந்த பின்பே மதில் விழும். பதின்மூன்று சுற்றையும் ஒரே நாளில் நடத்தினால் பிள்ளைகள் தலைசுற்றிக் களைத்துப்போவார்கள், கதையும் ஓட்டப்பந்தயமாகிவிடும். முதல் இரு ஞாயிறுகளிலும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், மூன்றாம் ஞாயிறு ஏழு சுற்றும் முடிந்த பின்பும் அனைவரும் பாயில் அமர வேண்டும். 'பாளயத்துக்குத் திரும்பினார்கள்' என்று வேதம் சொல்வது அங்கே நிகழ்கிறது. நாள் என்பதைச் சொல்லால் விளங்கிக்கொள்ளாத பிள்ளைக்கு, நடந்து உட்கார்ந்தால் ஒரு நாள் முடிந்தது என்பது புரிகிறது. சுவரில் நடத்தல், அமர்தல், கேட்டல், ஜெபித்தல் என நான்கு படங்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் அதைத் திருப்பி வைத்தால், அடுத்தது என்ன என்ற பதற்றம் பெரும்பாலும் தணிகிறது.

உடன்படிக்கைப் பெட்டியாக ஓர் அட்டைப்பெட்டியில் பாட்டுப் புத்தகங்களை நிரப்பி, இரு கழிகளில் தூக்கச் செய்வேன். ஓரிடத்தில் நிலைகொள்ளாத சில பிள்ளைகள் சற்றுக் கனமானதைச் சுமக்கும்போது அமைதியடைகிறார்கள் என்பதைச் செயல்வழிச் சிகிச்சை அளிப்பவர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே அதிகம் ஓடும் பிள்ளையிடமே பெட்டியைக் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் சலித்துப்போவார்களே என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையே விடை தருகிறது: கொம்பு எக்காளம் பிடிக்கும் ஆசாரியர் ஏழு பேர் வேண்டும், சுற்றுகளை எண்ண ஒருவர் வேண்டும், வாரந்தோறும் அந்தப் பொறுப்புகள் கைமாறலாம்.

கடினமான பகுதி, ஆர்ப்பரிக்கச் சொல்லும் நாள்வரை மக்கள் வாய் திறக்கக் கூடாது என்ற யோசுவாவின் கட்டளைதான். இரண்டாம் வாரமே யாராவது ஒரு பிள்ளை மதிலைத் தள்ளிவிடும். கடிந்துகொள்ளாமல், எல்லாரும் சேர்ந்து பெட்டிகளைத் திரும்ப அடுக்கி, விட்ட சுற்றிலிருந்து தொடர வேண்டும். ஆசிரியரின் பொறுமைக்கும் அதே கட்டளை பொருந்தும். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு வினாடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று வினாடியாக்கினாலே மாணவரின் பதில்கள் நீள்வதையும் 1970-களில் காட்டினார். நம் பிள்ளைகளுள் சிலருக்கு மூன்று வினாடியும் போதாது. நான் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக்கொள்கிறேன். அதற்குள் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால், பிள்ளை முதல் கேள்வியையும் இழந்துவிடுகிறது.

ஆர்ப்பரிப்பைப் பற்றி முன்னதாகவே சொல்லி வைப்பது அவசியம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தத் திடீர்க் கூச்சல் வலியாகவே இருக்கும். அவர்கள் வாசலருகே நிற்கலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம், அல்லது சத்தமிடுவதற்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வழி போதுமா என்பதை மதில் அடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். (மதில் விழுந்ததற்குப் பின் வரும் அழிவைச் சிறு பிள்ளைகளுக்கு நான் நடத்துவதில்லை, ராகாபின் சிவப்பு நூல் கயிற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

இந்த முறையில் பொதுவாக நேரும் பிழை, அசைவு கதையிலிருந்து பிரிந்துபோவது. என்ன செய்தோம் என்று கேட்டால் "ஓடினோம்" என்று மட்டும் பதில் வந்தால், அங்கே விளையாட்டு நடந்திருக்கிறது, பாடம் நடக்கவில்லை. அடுத்த வாரம் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அதே ஒரு வாக்கியத்தை அதே சொற்களில் சொல்ல வேண்டும். கற்றதைச் சோதிக்கத் தாளும் பேனாவும் வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து, ஒன்றும் சொல்லாமல் பெட்டிகளை மீண்டும் அடுக்கி வையுங்கள். யார் தாமாகவே சுற்றத் தொடங்குகிறார்கள், யார் வாயில் விரல் வைக்கிறார்கள், யார் ஏழாம் சுற்றுவரை தள்ளாமல் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால், அடுத்த கதைக்கு எத்தனை வாரங்கள் ஒதுக்குவது என்பது தெரிந்துவிடும்.