ஜெராக்ஸுக்கே ஜெராக்ஸ் எடுத்த மகராசன் யாரய்யா?

கேஸ் கட்டு என்று அனுப்புகிறார்கள். திறந்து பார்த்தால் பாதிப் பக்கம் கறுப்பு, மீதிப் பக்கம் வெளுப்பு, நடுவில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், காலையில பத்து மணிக்குள்ள பார்த்துட்டு நிக்குமா நிக்காதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." ஒரு வார்த்தைதானாம்! கட்டில் எத்தனை வார்த்தை படிக்கிற மாதிரி இருக்கிறது என்று அனுப்பினவர் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருப்பாரா?

அடிதடி கேஸ், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் நான். குற்றப்பத்திரிகையில் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற பி.என்.எஸ். 118(2) போட்டிருக்கிறார்கள், அதாவது ஆயுதத்தால் எலும்பு முறிவு மாதிரியான கொடுங்காயம். அதே ஆயுதத்தால் சாதாரணக் காயம் என்றால் 118(1), அதற்கு அதிகபட்சம் 3 வருடம். 118(2) என்றால் ஆயுள் தண்டனை வரை போகலாம், ஒரு வருடத்துக்குக் குறையவும் முடியாது. இந்த இரண்டில் எது என்பதற்கு இந்தக் கேஸில் இருக்கிற ஒரே ஆதாரம் காயச் சான்றிதழ்தான். முதல் பக்கத்தில் டாக்டர் காயங்களை எழுதியிருக்கிறார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்ததா, காயம் எந்த வகை என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தில். சொல்லுங்கள் பார்க்கலாம், எந்தப் பக்கம் கட்டில் இல்லை? சரியாகச் சொன்னீர்கள். நீங்களும் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும்.

பட்டியலில் "காயச் சான்றிதழ், பக்கம் 41–42" என்று ஜம்மென்று டைப் அடித்திருக்கிறது. பேனாவில் போட்ட எண்ணோ 41, அடுத்தது 43. அப்படியென்றால் எண் போடும்போது அந்தத் தாள் இருந்திருக்கிறது, அதற்கப்புறம் எங்கேயோ நழுவியிருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். பட்டியலும் சேர்ந்து சொல்வதால்தான் இந்த ஓரளவு. பேனா எண் மட்டும் தாண்டியிருந்தால், எண் போட்ட புண்ணியவானே 42-ஐ மறந்திருக்கவும் கூடும். எஃப்.ஐ.ஆரில் கதையே வேறு. அங்கே பேனா எண் 1, 2, 3 என்று அழகாகத் தொடர்கிறது, ஆனால் அச்சில் வந்த பக்க எண் 1, 3, 5! இரண்டு பக்கமும் அச்சடித்த தாளை ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் போட்டு, அதற்கப்புறம் எண் போட்டிருக்கிறார்கள். காணாமல் போன பக்கங்களில் என்னென்ன போயிற்று தெரியுமா? புகார் கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம் சொல்கிற 8-ஆவது கட்டம் போயிற்று. ராத்திரி நடந்த அடிதடிக்கு மறுநாள் சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிற கேஸில், நான் முதலில் தேடுகிற கட்டம் அதுதான்.

இதைக் கட்சிக்காரரின் மச்சானிடம் சொன்னேன். உடனே வந்தது தீர்ப்பு. "அப்ப போலீஸ் வேணும்னே மறைச்சிருக்காங்க சார்! எலும்பே உடையல, அதான் அந்தப் பக்கத்தை உருவிட்டாங்க!" ஐயா, பக்கம் இல்லை என்பதற்கு அர்த்தம் பக்கம் இல்லை என்பதுதான். எலும்பு உடைந்தது என்றும் அதிலிருந்து வராது, உடையவில்லை என்றும் வராது. சரி என்று போனை வைத்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் அவருடைய அண்ணன். "போலீசே 118(2) போட்டிருக்காங்கன்னா உடைஞ்சிருக்குன்னுதானே சார் அர்த்தம்?" அதுவும் இல்லை. பிரிவு போடுவது போலீஸ், முறிவு இருக்கிறதா என்று சொல்வது டாக்டர். டாக்டர் சொன்னது 42-இல். 42 எங்கே இருக்கிறது என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரின் நகல். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், யார் அடித்தார்கள், எத்தனை பேர், எதால் என்று அவர் சொன்னதை டாக்டர் இங்கிலீஷில் ஒரு வரி எழுதுவார் இல்லையா? அந்த வரி வலது ஓரத்தில் இடம் போதாமல் அடுத்த வரியில் இடது ஓரத்திலிருந்து தொடர்கிறது. இடது ஓரத்தை நூல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். தைத்த கட்டை விரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே மெஷினில் கவிழ்த்திருக்கிறார்கள். மிச்சம் தெரிவது "…நோன் பெர்சன்ஸ்". முன்னால் ஒரு "அன்" இருந்ததா இல்லையா? இருந்தால் அடித்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன், லேப்டாப்பில் பார்த்தேன், பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 3 மாதிரி ஒன்று, 8 மாதிரியும் இருக்கிறது, கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பிள்ளையார் சுழி மாதிரியும் இருக்கிறது. எங்கள் சீனியர் ஒரு நொடி பார்த்துவிட்டு "அன்நோன்தான்பா, நமக்குச் சாதகம்" என்கிறார். அவருக்கு வேண்டியது அவர் கண்ணுக்குத் தெரிகிறது! தெளிவாகவே இருந்தாலும் இதை வைத்து மட்டும் கேஸை உடைக்க முடியாது என்பது வேறு விஷயம். காயத்துக்கு மருந்து போடுவதுதான் டாக்டர் வேலை, அடித்தவன் பெயரைத் துருவிக் கேட்பதில்லை என்று கோர்ட்டே பல தடவை சொல்லியாயிற்று.

அப்புறம் நான்காம் சாட்சி வாக்குமூலம். "அப்போது அங்கு வந்த" என்று ஆரம்பித்து, மூன்று வரிக்கு மார்க்கரில் கறுப்புப் பட்டை. போன் நம்பரையோ விலாசத்தையோ அடித்திருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். நடந்ததைச் சொல்கிற இடத்தில் எதற்குப் பட்டை? வாக்குமூலத்தில் ஒரு பகுதியைத் தர வேண்டாம் என்று போலீஸ் காரணம் எழுதி நடுவரிடம் கேட்கலாம், நடுவர் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி ஒரு குறிப்போ உத்தரவோ இந்தக் கட்டில் இல்லை. அதற்காக உத்தரவே கிடையாது என்றும் எழுதிவிட முடியாது, அதுவும் தொலைந்த பக்கங்களில் போயிருக்கலாம். மச்சானுக்கோ அந்தப் பட்டைக்குள் யார் பெயர் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியுமாம், பட்டையின் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்!

கடைசியில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். 42 இல்லை, ஆகவே காயம் கொடுங்காயமா என்று சொல்ல இயலாது. எஃப்.ஐ.ஆரில் இரட்டைப்படைப் பக்கங்கள் இல்லை, ஆகவே தாமதத்துக்கு விளக்கம் இல்லை என்று வாதம் வைக்கக் கூடாது, விளக்கம் அங்கேயே இருக்கலாம். ஏ.ஆர். இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை, ஆகவே கோர்ட்டில் அசலைப் பார்வையிடும்வரை அதிலிருந்து ஒரு வார்த்தைகூட எடுத்தாளக் கூடாது. நான்காம் சாட்சி வாக்குமூலத்தில் மூன்று வரி மறைத்திருக்கிறது, அதற்கு உத்தரவு உண்டா என்று சொல்ல இயலாது. இல்லாததையும் மறைத்ததையும் மங்கியதையும் வேண்டுமென்றேதான் தனித்தனியாக எழுதினேன். மூன்றையும் ஒன்றாகப் போட்டு "ஆவணங்கள் தெளிவாக இல்லை" என்று மெமோ போட்டால், மங்கின பக்கத்துக்கு மட்டும் நல்ல ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு எல்லாம் கொடுத்தாயிற்று என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 230-இன்படி ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் இதெல்லாம் இலவசமாகக் கைக்கு வர வேண்டியது. வந்தது என்னமோ இலவசமாகத்தான் வந்தது.

குறிப்பைப் படித்துவிட்டு மச்சான் கேட்டார்: "எல்லாத்துக்கும் சொல்ல முடியாது, சொல்ல முடியாதுன்னு போட்டிருக்கீங்களே சார், இதுக்கா ஃபீஸ்?" சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? அந்த ஃபீஸும் இன்னும் வரவில்லை.

இதில் கோர்ட் வாசலில் என் பைக்கை மறித்துத் தினமும் ஒரு வெள்ளைக் காரை நிறுத்துகிறானே, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுப் போகிறானே, அவனை என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள்.